மறதியில் ஓடும் சந்தா

இணையத்தில் பத்திரிகை நடத்துகிற பலருக்கு இப்போது ஒரு புது வருமானம் கிடைத்திருக்கிறது. விளம்பரத்திலிருந்து வருவதில்லை, விற்பனையிலிருந்தும் வருவதில்லை. வாசகரின் மறதியிலிருந்து வருகிறது!

போன வருஷம் ஏதோ ஒரு கட்டுரைக்காக ஒருவர் சந்தா கட்டுகிறார். படித்துவிட்டு மறந்துபோகிறார். அவர் மறந்தாலும் அவர் அக்கவுண்ட் மறப்பதில்லை. அடுத்த வருஷம் அதே தேதியில் பணம் சத்தமில்லாமல் போய்விடுகிறது. பத்திரிகைக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘வாசகர் விசுவாசம்’. எனக்கு வேறு பெயர் தோன்றுகிறது. அச்சில் வராது.

காசு கேட்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. பெட்டிக்கடையில் கொடியில் தொங்கும் பத்திரிகையை எடுத்து இரண்டு பக்கத்துக்கு மேல் புரட்டினால், “சார், இது லைப்ரரி இல்ல” என்று கடைக்காரர் சொல்வார். நியாயம்தானே? எழுதுகிறவனுக்கும் வீட்டு வாடகை உண்டு. உறுப்பினர்களுக்கு மட்டும் என்று கட்டுரைகளுக்கு ஒரு மதில் கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மதிலைப் பற்றி மட்டுமே யோசிக்கிறார்களே, அதுதான் பிரச்னை. வாசலில் என்ன காட்டுவது, வெளியே போக எங்கே வழி வைப்பது... இந்த இரண்டைப் பற்றியும் யாருக்கும் கவலை இல்லை.

நண்பர் ஒருவர் வீடு, மனை, பத்திரப்பதிவு சமாசாரங்களுக்காக ஒரு சின்ன இணைய இதழ் நடத்துகிறார். மாதம் எட்டுக் கட்டுரைகள். விஷயம் தெரிந்த ஆட்கள் எழுதுவதால் நல்ல பெயர். உறுப்பினர் பகுதி ஆரம்பிக்கப்போவதாகச் சொல்லி, திட்டத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். வருஷத்துக்கு 600 ரூபாய். மாதம் ஐந்து கட்டுரை இலவசம், ஆறாவதில் மதில் எழும்பும். சந்தா தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். நினைவூட்டுக் கடிதம் கிடையாது. “எதுக்கு சார் தூங்கறவங்களை எழுப்பணும்?” என்றார்.

அந்தத் தாளை வைத்தே பேசலாம். ஊரில் முக்கால்வாசித் திட்டங்கள் இப்படித்தான் இருக்கின்றன.

முதலில் அந்த ஐந்து இலவசம். இது அமெரிக்காவிலிருந்து வந்த பழக்கம். நியூயார்க் டைம்ஸ் 2011 மார்ச்சில் மதில் கட்டியபோது மாதம் 20 கட்டுரை வரை இலவசம் என்றது. அடுத்த வருஷம் அதைப் பத்தாக்கியது. 2017 கடைசியில் ஐந்தாக்கியது. அவர்களுக்கு அது சரி. தினம் நூற்றுக்கணக்கில் எழுதித் தள்ளுகிறவர்கள். ஐந்து என்பது அவர்கள் கடலில் ஒரு சொம்புத் தண்ணீர். மாதம் எட்டே எட்டு எழுதுகிறவர் ஐந்தைச் சும்மா கொடுத்தால் மிச்சம் மூன்று. அந்த மூன்றுக்கு யார் 600 ரூபாய் கட்டுவார்?

அந்த மூன்றும்கூட மிஞ்சாது. வாசகர் எத்தனை படித்தார் என்ற கணக்கை வைத்திருப்பது பெரும்பாலும் ‘குக்கீ’ என்கிற ஒரு சின்னக் குறிப்பு. அது வாசகரின் பிரௌசருக்குள்தான் உட்கார்ந்திருக்கும். அதை அழித்துவிட்டால் கணக்கு மறுபடி பூஜ்யம். ‘இன்காக்னிட்டோ’ ஜன்னலில் திறந்தாலும் பூஜ்யம். இவ்வளவு தில்லுமுல்லுகூட வேண்டாம். ஒருவர் போனில் ஐந்தும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஐந்தும் படித்தால், இதழைப் பொறுத்தவரை அவர் இரண்டு ஆட்கள். எட்டுக் கட்டுரை எழுதுகிறவர் பத்துக் கட்டுரை இலவசமாகக் கொடுக்கிறார்! கர்ணனே இதைச் செய்திருக்கமாட்டான்.

மாதம் எட்டு எழுதுகிறவருக்கு இந்த எண்ணிக்கை முறை சரிப்படாது. கட்டுரைக்குக் கட்டுரை முன்னோட்டம் காட்டி, மீதியை உறுப்பினருக்கு வைப்பதுதான் முறை. அத்துடன், மாதம் ஒரு கட்டுரையை முழுசாகத் திறந்துவிடலாம், சமையல் எப்படி என்று ஊருக்குத் தெரியட்டும்.

இதைச் சொன்னதும் நண்பர் உற்சாகமாகி, ஒரு முன்னோட்டத்தை அங்கேயே எழுதிக் காட்டினார். “வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருந்தது. ஆனாலும் அவர் வீட்டை இழந்தார். காரணம் என்ன தெரியுமா...?” அவ்வளவுதான். அதற்குக் கீழே மதில்.

தொடர்கதைக்குத் ‘தொடரும்’ போடுகிற புத்தி இது. தமிழ்ப் பத்திரிகைக்காரர்கள் ரத்தத்தில் ஊறியது. தொடர்கதையில் அது நேர்மையான வித்தைதான். அந்த இதழுக்கு வாசகர் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டார். அதற்கான அத்தியாயமும் அவர் கையில் இருக்கிறது. அடுத்த வாரம் என்ன கிடைக்கும், என்ன விலை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இங்கே அப்படியா? மதிலுக்குப் பின்னால் பத்து பக்கம் இருக்கிறதா, பத்து வரி இருக்கிறதா என்றே தெரியாமல் பர்ஸைத் திறக்கச் சொல்கிறோம். காரணத்தைத் தெரிந்துகொள்ள 600 ரூபாய் கட்டியவர் உள்ளே போய், “அந்தச் சொத்துக்குப் பதிவு செய்யாத ஓர் உயில் இருந்தது” என்று ஒரே வரியில் பதிலைப் பார்த்தால் என்ன நினைப்பார்? ஏமாந்தோம் என்று நினைப்பார். சரியாகத்தான் நினைப்பார்.

நான் மாற்றி எழுதச் சொன்னது இப்படி. பதிவான பத்திரங்களைத்தான் வில்லங்கச் சான்றிதழ் காட்டும், பதிவாகாத உயிலோ குடும்பத்துக்குள் பேசிக்கொண்ட ஏற்பாடோ அதில் வராது என்பதை முன்னோட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்த விஷயம் இலவசம். படித்துவிட்டுப் போகிறவரும் ஏதோ ஒன்று தெரிந்துகொண்டு போகட்டும். அதற்குக் கீழே, “மீதிப் பகுதியில்: சான்றிதழில் வராதவற்றை யாரிடம், எந்தக் காகிதத்தைக் கேட்டுச் சரிபார்ப்பது, விற்பவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளின் பட்டியல். படிக்க 9 நிமிடம்” என்று எழுதுங்கள். விஷயம் வெளியே, வேலை செய்யும் வழிமுறை உள்ளே. வீடு வாங்கப்போகிறவர் அந்த வழிமுறைக்குத்தான் காசு கொடுப்பார். சும்மா தெரிந்துகொள்ள வந்தவர் எப்படியும் கொடுக்கமாட்டார். அவரைச் சீண்டிப் பிடித்து என்ன லாபம்?

“சார், ரகசியத்தை வெளியே சொல்லிட்டா சேர்றவங்க குறைஞ்சிடுவாங்களே?”

குறையலாம்தான். ஆனால் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு கணக்கை மூடக்கூடாது. எந்தக் கட்டுரை வழியாகச் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதம் திரும்பி வந்து இன்னொரு கட்டுரையைத் திறந்தார்கள் என்று பார்க்கவேண்டும். ஒரு கட்டுரை 40 பேரைச் சேர்த்து, அதில் 30 பேர் திரும்பி வரவே இல்லை என்றால், அந்த முன்னோட்டம் ஜெயிக்கவில்லை. முப்பது பேரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. 15 பேரைச் சேர்த்து 12 பேரைத் தக்கவைத்ததுதான் நல்ல முன்னோட்டம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பல இதழ்களில் மதில் வெறும் திரைச்சீலை. முழுக் கட்டுரையும் வாசகரின் பிரௌசருக்கு வந்துவிடும். அதன்மேல் ‘சந்தா கட்டுங்கள்’ என்று ஒரு பலகையை மட்டும் சாத்திவைப்பார்கள். பிரௌசரில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தினால் பலகை விழுந்துவிடும். சில பிரௌசர்களில் ‘ரீடர் மோட்’ பட்டனைத் தட்டினாலே போதும், கட்டுரை முழுசாக வந்து நிற்கும். கல்லூரிப் பையன்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. ஒழுங்காக எழுபது வயதில் காசு கட்டிப் படிக்கிற ரிடையர்டு வாத்தியாருக்கு மட்டும் தெரியாது. தெரிந்தவனுக்கு இலவசம், நேர்மையானவருக்குக் கட்டணம்! கேட்பவர் உறுப்பினர்தானா என்று சர்வரிலேயே பார்த்து, இல்லையென்றால் முன்னோட்டத்தை மட்டும் அனுப்புவதுதான் முறை. உங்கள் இதழில் எப்படி என்று பார்க்க இன்ஜினீயர் வேண்டாம். லாக்-இன் செய்யாமல் கட்டுரையைத் திறந்து, ‘வியூ சோர்ஸ்’ கொடுத்து, கடைசிப் பத்தியின் ஒரு வார்த்தையைத் தேடுங்கள். அகப்பட்டால் திரைச்சீலைதான்.

இனி, அந்தத் ‘தூங்கறவங்க’ விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பி.காம். படித்தவன். பெரிய படிப்பு ஒன்றுமில்லை. ஆனால் அதில் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம் பத்திரிகை முதலாளிகள் பலருக்குத் தெரியவில்லை. முன்கூட்டியே வந்த சந்தா வருமானம் கிடையாது, அது கடன். இருப்புநிலைக் குறிப்பில் அதைப் பொறுப்புகள் பக்கம்தான் எழுதவேண்டும். சொத்துகள் பக்கம் போட்டால் வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றுவார்.

நண்பருக்கு ஜனவரி ஒன்றாம் தேதி ஆயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி., வங்கிக் கமிஷன் எல்லாம் தனி. கையில் 6 லட்சம். அன்றைக்கு அவர் சம்பாதித்தது எவ்வளவு? ஒரு பைசாகூட இல்லை. ஜனவரி முழுக்க எட்டுக் கட்டுரை கொடுத்தால் 50,000 அவருடையது. மார்ச் கடைசியில் ஒன்றரை லட்சம் வருமானம். மீதி நாலரை லட்சம் இன்னும் வாசகருக்குப் பட்டிருக்கும் கடன். ஏப்ரலில் இதழை நிறுத்தினால் நியாயப்படி திருப்பித் தரவேண்டிய பணம் அது. அந்த நாலரை லட்சத்தில் ஆபீசுக்கு ஏ.சி. போட்டுவிட்டு அக்டோபரில் எழுத்தாளர்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று கையைப் பிசைந்தவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர்.

அடுத்த ஜனவரி வருகிறது. ஆயிரத்தில் 250 பேர் ஆறு மாதமாக உள்ளே எட்டிப்பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். சத்தமில்லாமல் புதுப்பித்தால் அவர்களிடமிருந்து ஒன்றரை லட்சம் வரும். நண்பர் எழுப்ப வேண்டாம் என்று சொன்னது இவர்களைத்தான்.

ஆனால் நம் ஊரில் அவர்கள் எப்படியும் எழுந்துவிடுவார்கள். ரிசர்வ் வங்கி 2019-ல் விதி எழுதி, 2021 அக்டோபர் முதல் தேதியிலிருந்து கண்டிப்பாக்கியது. கார்டிலோ யு.பி.ஐ.யிலோ தானாகப் பணம் எடுப்பதாக இருந்தால், எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் வாடிக்கையாளருக்கு யார், எவ்வளவு, எப்போது எடுக்கப்போகிறார்கள் என்று தகவல் போகவேண்டும். வேண்டாம் என்று நிறுத்தும் வழியும் அதிலேயே இருக்கவேண்டும். அந்த அக்டோபரில் தயாராக இல்லாத கம்பெனிகளின் தானியங்கிச் சந்தாக்கள் நின்றுபோனதும், மறுபடி கையால் கட்டச் சொல்லி மெயில் மேல் மெயில் வந்ததும் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

“அப்ப பேங்க்கே சொல்லிடுதே, நான் எதுக்குத் தனியா சொல்லணும்?” நண்பர் விடவில்லை.

பேங்க் அனுப்பும் செய்தி, லோன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று வரும் இருபது செய்திகளுக்கு நடுவில் வரும். உங்கள் இதழின் பெயர்கூட அதில் இருக்காது, உங்கள் கம்பெனியின் பெயர் இருக்கும். பார்த்தவர் ‘இது யாரு?’ என்று பதறி பேங்க்குக்குப் புகார் கொடுப்பார். பணத்தைத் திருப்பிக் கொடுப்பதோடு போகாது. பேமென்ட் கம்பெனி அதற்கும் உங்களிடம் ஒரு கட்டணம் பிடிக்கலாம். எல்லாவற்றையும்விட மோசம், அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போடும் ஒரு வரி: “ஜாக்கிரதை, கேக்காமலே காசு எடுக்கறாங்க.” வீடு வாங்க ஏமாறாதீர்கள் என்று எழுதுகிற இதழுக்கு இந்தப் பெயர் தேவையா?

நீங்களே முன்னால் சொல்லிவிடுங்கள். வருஷச் சந்தாவுக்கு முப்பது நாள் முன்னால் ஒன்று, ஏழு நாள் முன்னால் ஒன்று. தலைப்பிலேயே விஷயம் இருக்கட்டும்: “உங்கள் சந்தா ஜனவரி 1-ல் புதுப்பிக்கப்படும். ரூ.600.” ‘உங்களுக்காக ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது!’ என்றெல்லாம் வேண்டாம். 600 ரூபாய் போவதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. உள்ளே மூன்று விஷயம் போதும். போன வருஷம் நீங்கள் என்னென்ன படித்தீர்கள், வரும் வருஷம் என்ன வரப்போகிறது, வேண்டாமென்றால் இங்கே தட்டுங்கள். விலை ஏறுகிறது என்றால் பழைய விலையையும் புது விலையையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

ஒன்றுமே படிக்காதவருக்கு ‘நீங்கள் படித்தவை: 0’ என்றா அனுப்புவது? அவருக்கு ஆறாவது மாதமே எழுதியிருக்க வேண்டும். “கொஞ்ச நாளாக உங்களைக் காணோம். நீங்கள் சேர்ந்தது உயில் பற்றிய கட்டுரைக்காக. அதன் தொடர்ச்சியாக இரண்டு வந்திருக்கின்றன” என்று. புதுப்பிக்கும் தேதிக்கு முந்தின வாரம் மட்டும் பாசம் காட்டினால் யாருக்குத்தான் புரியாது?

இப்படி எழுதினால் அந்த 250 பேரில் 150 பேர் விலகிவிடுவார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 90,000 ரூபாய் நஷ்டம். வலிக்கும். மிச்சம் 100 பேர் தெரிந்து கொடுத்த காசு 60,000. அந்தப் பணம் புகாரில் திரும்பிப் போகாது. விலகிய 150 பேரிலும் மறுபடி மனை வாங்கும்போது திரும்பி வருகிறவர்கள் இருப்பார்கள், கசப்பில்லாமல் போனவர்கள் என்பதால். மறந்து கொடுத்தவர்களை வைத்து ஆயிரம் உறுப்பினர் என்று மார்தட்டினால், நம் எழுத்து யாருக்கும் பிடிக்கவில்லை என்ற செய்தி நமக்கே தெரியாமல் போய்விடும். அதுதான் பெரிய நஷ்டம்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் ஒன்று. தொடர ஆசைப்பட்டும் தொடரமுடியாதவர்கள். கார்டு காலாவதியாகியிருக்கும், அன்றைக்குப் பார்த்து அக்கவுண்டில் பணம் இருந்திருக்காது. நள்ளிரவு 12 மணிக்கு இவர்கள் முகத்தில் மதிலை இறக்குவது அநாகரிகம். ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். மூன்றாம் நாள் ஒரு கடிதம், ஏழாம் நாள் ஒரு கடிதம். அதற்குமேல் துரத்தாதீர்கள். விலகுவதாகச் சொன்னவரையும் கார்டு பழுதானவரையும் ஒரே கூடையில் போட்டு, ‘எங்களை விட்டுப் போய்விட்டீர்களே’ என்று எல்லோருக்கும் ஒரே ஒப்பாரியை அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக அந்த வெளியே போகும் கதவு. சேர்வதற்கு இரண்டு தட்டு. விலகுவதற்கு? காலை பத்திலிருந்து ஐந்துக்குள், திங்கள் முதல் வெள்ளிக்குள் போன் செய்யவேண்டும். ஒரு வெளியூர் இதழ், பெயர் வேண்டாம், என் மைத்துனரிடம் விலகுவதற்கான காரணத்தை மூன்று முறை கேட்டது. கல்யாணத்தை ரத்து செய்தால்கூட இத்தனை முறை கேட்கமாட்டார்கள்.

ஜெர்மனியில் 2022 ஜூலையிலிருந்து, இணையத்தில் எடுத்த சந்தாவை இணையத்திலேயே ரத்து செய்ய பளிச்சென்று ஒரு பட்டன் இருக்கவேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவில் 2024-ல் இதே மாதிரி ஒரு விதி கொண்டுவந்தார்கள். நடைமுறைக் குறை என்று சொல்லி 2025 ஜூலையில் அப்பீல் கோர்ட் அதைத் தூக்கிவிட்டது. நம் ஊர் சும்மா இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இணைய வியாபாரத்தின் 13 தில்லுமுல்லுகளைப் பட்டியல் போட்டது. அதில் ‘சந்தாப் பொறி’ என்று ஒன்று உண்டு. ரத்து செய்வதைச் சிக்கலாக்குவது, அந்தப் பட்டனை ஒளித்துவைப்பது, இலவசச் சந்தாவுக்கே கார்டு விவரம் கேட்டுத் தானாகப் பணம் எடுக்க அனுமதி வாங்குவது, எல்லாம் அதில் அடக்கம். சட்டம் இருக்கிறது. பட்டனைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 250 ரூபாய்க்குப் பாப்கார்ன் வாங்கிவிட்டு, 600 ரூபாய் வருஷச் சந்தாவின் கட்டுரையைக் காப்பி அடித்து டெலகிராமில் போடுகிற உங்களில் சிலருக்குப் பத்திரிகை தர்மம் பேச அருகதை இல்லை. எழுதுகிறவன் வயிற்றில் அடித்துவிட்டு, அவன் நேர்மையாக நடக்கவில்லை என்று புகார் சொல்வது என்ன நியாயம்?

அதற்காக முதலாளிகளை விட்டுவிட முடியாது. நண்பர் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, “எல்லாம் சரி சார், முதல் வருஷம் மட்டும் நினைவூட்டு இல்லாம விட்டுப் பாக்கலாமா?” என்றார்.

தாராளமாக விடலாம். கணக்குப் புத்தகத்தில் மட்டும் அந்த ஒன்றரை லட்சத்தைச் சந்தா வரவு என்று எழுதாதீர்கள். ‘தூங்கியவர்களிடம் எடுத்தது’ என்று தலைப்புப் போட்டு, ஆடிட்டரிடம் கையெழுத்து வாங்குங்கள், பார்ப்போம்.